ஜோடியைச் சோதிக்கும் அறை

2007-ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் வெனிஸ் பகுதியில் இருந்த தன் வீட்டுக்கு நடிகர்களை வரச்சொல்லியிருந்தார் இயக்குநர் கேத்தரின் ஹார்ட்விக். அவர் எடுக்கவிருந்த படம் ‘ட்வைலைட்’. நாயகி பெல்லாவாக கிறிஸ்டன் ஸ்டூவர்ட் முடிவாகிவிட்டார். நாயகன் எட்வர்டாக யார் என்பதுதான் பாக்கி. ஏராளமான பேரைப் பார்த்துக் கழித்து, கடைசியில் நான்கு பேர் மிஞ்சியிருந்தார்கள். நால்வரும் ஒருவர் பின் ஒருவராக கிறிஸ்டனோடு அதே காட்சிகளை நடித்துக் காட்டவேண்டும். அவர்களில் ஒருவர் லண்டனிலிருந்து வந்த 21 வயது ராபர்ட் பாட்டின்சன்.

சாப்பாட்டு மேசையில் ஒரு காட்சி. பிறகு முத்தக் காட்சி. அதற்கு இயக்குநரின் கட்டிலையே பயன்படுத்திக்கொண்டார்கள். காட்சியின் வேகத்தில் பாட்டின்சன் கட்டிலிலிருந்து உருண்டு கீழே விழுந்தார். இதை ஹார்ட்விக் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நால்வரும் போன பிறகு, ராபர்ட்தான் வேண்டும் என்று கிறிஸ்டன் உறுதியாகச் சொன்னாராம். அறையில் இருந்தவர்களுக்கும் பொறி பறந்தது தெரிந்தது. அப்படியும் ஹார்ட்விக் அன்றைக்கே முடிவைச் சொல்லவில்லை. தான் எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்த்த பிறகுதான் பாட்டின்சனை உறுதிசெய்தார். அறையில் நேரில் உணர்வதைத் தான் முழுதாக நம்புவதில்லை, அது திரையிலும் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும் என்பது அவர் சொன்ன காரணம்.

‘கெமிஸ்ட்ரி ரீட்’ என்று திரைத்துறையில் சொல்லப்படும் சோதனை இதுதான். கணவன் மனைவியாக, காதலர்களாக, தாய் மகளாக, அண்ணன் தம்பியாக நடிக்கப்போகிறவர்களை ஒப்பந்தத்துக்கு முன்பே ஒன்றாக நிறுத்திப் பார்ப்பது. ஹாலிவுட்டிலும் பிரிட்டனிலும் இதை ஏற்பாடு செய்து நடத்துவது பெரும்பாலும் காஸ்டிங் டைரக்டர்களின் வேலை. படம் பார்த்துவிட்டு வெளியே வரும்போது ‘ரெண்டு பேருக்கும் கெமிஸ்ட்ரி சூப்பர்’ என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அது தானாக அமைந்தது என்றுதான் நாம் நினைக்கிறோம். பல நேரங்களில் அது ஒருவர் உட்கார்ந்து பட்டியல் போட்டு, வரிசை மாற்றி, காட்சி தேர்ந்தெடுத்துக் கண்டுபிடித்த ஒன்று.

அந்த நாளுக்கு வருவதற்கு முன் ஒவ்வொரு நடிகரும் தனித்தனியாகச் சில படிகளைத் தாண்டியிருப்பார். முதலில் வீட்டிலிருந்தே எடுத்து அனுப்பும் வீடியோ, அல்லது காஸ்டிங் அலுவலகத்தில் ஆடிஷன். படக்கதையிலிருந்து எடுத்த இரண்டு மூன்று பக்க வசனத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். இதற்கு ‘சைட்ஸ்’ என்று பெயர். எதிர் வசனத்தைச் சொல்ல ‘ரீடர்’ என்று ஒருவர் காமிரா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ரீடரின் வேலை வசனத்தைத் தெளிவாக, ஒரே சீராகக் கொடுப்பது. அவர் நடித்துத் தள்ளிவிட்டால் வந்தவரை எடைபோட முடியாது. அடுத்த சுற்றில் இயக்குநரும் தயாரிப்பாளரும் பார்ப்பார்கள். இத்தனையும் முடிந்தால் தெரிவது ஒன்றே ஒன்று: இவர் நன்றாக நடிக்கிறார். இன்னொருவரின் பக்கத்தில் உட்கார்ந்தால் இவர் என்ன ஆவார் என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. தனியாகப் பிரமாதமாகச் செய்த இரண்டு பேர் சேர்ந்து நின்றதும் வசனம் ஒப்பிப்பவர்களாகிவிடுவது அந்த அலுவலகங்களில் சாதாரணமாக நடப்பது.

இங்கே முதல் கேள்வி, யாரை நிலையாக வைப்பது என்பது. ஒருவர் ஏற்கெனவே முடிவாகியிருந்தால் வேலை எளிது. அவர் அறையிலேயே இருப்பார், எதிரில் ஆட்கள் மாறிக்கொண்டே வருவார்கள். ‘ட்வைலைட்’டில் கிறிஸ்டன் அந்த இடத்தில் இருந்தார். 2020-இல் வந்த ‘நார்மல் பீப்பிள்’ என்ற ஐரிஷ் தொடரிலும் இதுதான் நடந்தது. காஸ்டிங் டைரக்டர் லூயிஸ் கீலியும் இயக்குநர் லெனி ஏபிரகாம்சனும் முதலில் பால் மெஸ்கலைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். நாடக மேடையில் நடித்துக்கொண்டிருந்த அவருக்கு அதுதான் முதல் தொலைக்காட்சித் தொடர். பிறகு மரியான் பாத்திரத்துக்குப் பல பெண்களைப் பார்த்து, மெஸ்கலோடு சேர்த்துச் சோதித்து, டெய்சி எட்கர்-ஜோன்ஸை எடுத்தார்கள். பன்னிரண்டு எபிசோடுகளும் அந்த இரண்டு முகங்களின் மேல்தான் நிற்கின்றன. சுற்றி என்ன இருந்தாலும் இந்த இருவர் சரியாக அமையாவிட்டால் அந்தத் தொடரே கிடையாது.

இரண்டு பக்கமும் முடிவாகாத நிலைதான் சிக்கல். ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். திருமணமாகிப் பன்னிரண்டு வருடங்களான ஒரு தம்பதி. கதை அவர்களைப் பற்றியது. மனைவி பாத்திரத்துக்கு மூன்று பேர், கணவன் பாத்திரத்துக்கு மூன்று பேர் மிஞ்சியிருக்கிறார்கள். எல்லாரையும் எல்லாரோடும் சேர்த்துப் பார்த்தால் ஒன்பது ஜோடி. ஒரு ஜோடிக்கு இருபது நிமிடம் என்றாலும் மூன்று மணிநேரம். இடைவெளிகளைச் சேர்த்தால் ஒரு பகல் முழுவதும் போய்விடும்.

நேரத்தை விடப் பெரிய தொல்லை வரிசை. காலையில் முதலில் உள்ளே வரும் ஜோடிக்குக் கை கால் இறுகியிருக்கும். அதே பெண் மூன்றாவது முறையாக அதே காட்சியை நடிக்கும்போது வசனம் நாக்கில் புரண்டு பழகியிருக்கும், எங்கே மூச்சு விடவேண்டும் என்பதுகூடத் தெரிந்திருக்கும். அப்போது எதிரில் நிற்கும் மூன்றாவது ஆண் அவளுக்கு மிகவும் பொருத்தமானவராகத் தெரிவார். உண்மையில் அங்கே தெரிவது பொருத்தம் இல்லை, ஒத்திகை. அனுபவமுள்ள காஸ்டிங் டைரக்டர் இதை அறிந்து, ஒவ்வொருவரும் ஒருமுறை முன்னாலும் ஒருமுறை பின்னாலும் வரும்படி வரிசையைக் கலைத்துப் போடுவார். எல்லாம் முடிந்த பிறகு காலையில் முதலில் வந்த ஜோடியை மறுபடி ஒருமுறை உள்ளே கூப்பிடுவார். அந்த மறு அழைப்பைச் செய்யாமல் விட்டால், திறமையுள்ள ஒரு ஜோடி காலை ஒன்பது மணிக்கு வந்த ஒரே குற்றத்துக்காக வீட்டுக்குப் போய்விடும்.

அடுத்தது, எந்தக் காட்சியைக் கொடுப்பது. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் காதல் காட்சியைத்தான் கொடுப்பார்கள் என்று நினைப்போம். இல்லையென்றால் பெரிய சண்டை. இரண்டும் ஏமாற்றக்கூடியவை. உரத்த குரலில் மோதிக்கொண்டால் யாரும் யாரோடும் உயிர்ப்பாகத்தான் தெரிவார்கள். கோபம் எல்லா ஜோடிக்கும் தீப்பற்றவைத்துவிடும். முத்தக் காட்சியும் அப்படித்தான், பதற்றமே ஈர்ப்புபோலத் தோன்றிவிடும். உண்மையைச் சொல்வது நடுத்தரமான காட்சிகள். பாத்திரம் கழுவிக்கொண்டே கரண்ட் பில்லைப் பற்றிப் பேசுவது. குழந்தையின் பள்ளியிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துவிட்டு யார் போவது என்று முடிவு செய்வது. அதில் பெரிதாக எதுவும் நடக்காது. அப்படி எதுவும் நடக்காத இடத்தில் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறதா என்பதுதான் கேள்வி. அதனால் ஒரு கனமான காட்சி, ஒரு சாதாரணக் காட்சி என்று இரண்டைக் கொடுத்தால்தான் சோதனை முழுமையாகும். நாள் குறுகி ஒரே ஒரு காட்சிக்குத்தான் நேரம் என்றால் நான் சாதாரணக் காட்சியைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

முதல் முறை நடித்து முடித்ததும் காஸ்டிங் டைரக்டரோ இயக்குநரோ ஒரு சின்னத் திருத்தம் சொல்வார். பெரும்பாலும் இருவரில் ஒருவரிடம் மட்டும். உதாரணமாக, மனைவியாக நடிப்பவரைத் தனியே கூப்பிட்டு, “நீங்கள் இவரைவிட்டுப் போவதென்று நேற்றே முடிவெடுத்துவிட்டீர்கள், ஆனால் இன்றைக்குச் சொல்லப்போவதில்லை” என்பார். கணவனாக நடிப்பவருக்கு அது தெரியாது. வசனம் ஓர் எழுத்தும் மாறாது. இப்போது அந்த ஆணின் முகத்தைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். அவள் குரலில் வந்த மாற்றத்தை அவர் பிடித்துக்கொண்டாரா? அவர் பதில் சற்றே தாமதமாகிறதா, அவளை ஒரு நொடி கூடுதலாகப் பார்க்கிறாரா? அல்லது வீட்டில் கண்ணாடி முன் நின்று பழகியபடியே அதே இடத்தில் அதே சிரிப்பைச் சிரித்துவிட்டுப் போகிறாரா? பாடகர் எதிர்பாராமல் ஒரு சங்கதியைப் போட்டால் நல்ல மிருதங்கக்காரரின் விரல் அந்தக் கணமே திரும்புவதைக் கச்சேரியில் பார்த்திருப்பீர்கள். இங்கே தேடுவதும் அந்தத் திரும்பலைத்தான்.

இந்தத் திருத்தம்தான் முழுச் சோதனையின் உயிர் என்பது என் எண்ணம். அழகு, உயரம், பிரபலம் எல்லாவற்றையும் புகைப்படத்திலேயே பார்த்துவிடலாம். ஒருவர் மாறும்போது மற்றவரும் மாறுகிறாரா என்பதை அந்த அறையில் மட்டும்தான் பார்க்கமுடியும். அதனால்தான் தேர்ந்த காஸ்டிங் டைரக்டரின் கண் பேசுபவர்மேல் நிற்பதைவிடக் கேட்பவர்மேல் அதிகம் நிற்கும். காமிராவும் அப்படித்தான். இருவரையும் ஒரே சட்டத்துக்குள் வைத்து ஒருமுறை எடுப்பார்கள். பிறகு தனித்தனி முகங்களை எடுப்பார்கள். ஒரே சட்டத்தில் பார்க்கும்போது வேறு சில விஷயங்களும் தெரியும். உயர வித்தியாசம் அதிகமானால் ஒவ்வொரு ஷாட்டிலும் ஒருவரை மேடைமேல் ஏற்றவேண்டியிருக்கும். இருவர் குரலும் ஒரே சுருதியில், ஒரே வேகத்தில் இருந்தால் காட்சி தட்டையாகிவிடும். இவை நடிப்புக் குறைகள் அல்ல. ஆனாலும் வாய்ப்பைப் பறித்துவிடும்.

காத்திருக்கும் அறையில் இருவரும் சிரித்துப் பேசிப் பழகிவிட்டார்கள் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, எடுக்கவும் கூடாது. ‘தி நோட்புக்’ படம் 2004-இல் வந்தது. ரயன் காஸ்லிங் முதலில் முடிவாகியிருந்தார். அவரோடு நடித்துக் காட்டித்தான் ரேச்சல் மெக்ஆடம்ஸ் வாய்ப்பைப் பெற்றார். உலகம் முழுவதும் காதலர்கள் கொண்டாடிய ஜோடி அது. ஆனால் படப்பிடிப்பில் இருவருக்கும் ஆகவே இல்லை என்று இயக்குநர் நிக் கஸவெட்டிஸ் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பேட்டியில் சொன்னார். ஒரு கட்டத்தில், மெக்ஆடம்ஸுக்குப் பதிலாக வேறொரு நடிகையைக் காமிராவுக்குப் பின்னால் நிறுத்தி வசனம் சொல்லவையுங்கள் என்று காஸ்லிங் கேட்டாராம். பிறகு இருவரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, கத்தித் தீர்க்கவிட்டு, வேலையைத் தொடர்ந்தார்கள். படம் வெளியான பிறகு இருவரும் நிஜமாகவே காதலித்தார்கள் என்பது வேறு கதை. சோதனையில் தெரிந்த பொருத்தம், படப்பிடிப்பில் மூண்ட வெறுப்பையும் தாண்டித் திரையில் நின்றது.

எதிர்ப்பக்கத்துக்கும் சாட்சி இருக்கிறது. 2003-இல் வந்த ‘ஜிக்லி’ படத்தின் ஜோடி பென் ஆஃப்லெக்கும் ஜெனிஃபர் லோபஸும் அப்போது நிஜ வாழ்க்கையிலும் ஜோடி, நிச்சயம் வரை போனவர்கள். அந்தப் படத்தை விமர்சகர்கள் கிழித்துத் தள்ளினார்கள், தியேட்டரிலும் ஓடவில்லை. நிஜக் காதலைக் காமிரா முன் கொண்டுவந்து நிறுத்தினால் போதும் என்றால் காஸ்டிங் அலுவலகங்களுக்கு வேலையே இருக்காது.

குடும்பத்தைச் சேர்ப்பது இதைவிட நுணுக்கமானது. காதலர்களைப் பார்வையாளர்கள் முதல் சந்திப்பிலிருந்து பார்க்கிறார்கள். தயக்கம் இருந்தாலும் பொருந்தும். தாயும் மகளும் முதல் காட்சியிலேயே பதினைந்து வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்களாகத் தெரியவேண்டும். முகச்சாயலுக்குத்தான் முதலிடம் என்று நினைப்போம். அது உதவும், ஆனால் அதிகமாக உதவாது. நிஜக் குடும்பங்களிலேயே சாயலே இல்லாத அண்ணன் தம்பிகள் உண்டு. கவனிப்பது வேறு சிலவற்றை. ஒருவர் பேச்சில் மற்றவர் கூச்சமின்றிக் குறுக்கிடுகிறாரா? உடல் நெருக்கத்தில் தயக்கம் இருக்கிறதா? மகளாக நடிக்கும் பெண் தாயின் தோளைத் தாண்டிக் கையை நீட்டி ஒரு டம்ளரை எடுக்கும்போது, ‘மன்னிக்கணும்’ என்கிற பாவம் அவள் உடம்பில் எட்டிப்பார்த்தால் அவர்கள் இன்னும் அந்நியர்கள்தான். இதற்காகவே வசனத்தை மூடிவைத்துவிட்டு, ‘இந்த மேசையை இருவருமாகச் சாப்பாட்டுக்குத் தயார்செய்யுங்கள், அப்பா எப்போது வருவார் என்று பேசிக்கொண்டே’ என்பதுபோல ஒரு சின்ன வேலையைக் கொடுத்துப் பார்க்கலாம். கை வேலையில் இருக்கும்போது நடிப்பு கொஞ்சம் கழன்றுவிடும். உள்ளே இருப்பது தெரியும்.

குழந்தைகள் என்றால் கூட்டமாகப் பார்த்தாகவேண்டும். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடருக்காக 906 சிறுவர்களையும் 307 சிறுமிகளையும் பார்த்ததாக அதை உருவாக்கிய டஃபர் சகோதரர்கள் சொல்லியிருக்கிறார்கள். காஸ்டிங் டைரக்டர் கார்மென் கூபா. நான்கு சிறுவர்களின் நட்பைப் பற்றிய ‘ஸ்டாண்ட் பை மீ’ என்ற 1986-ஆம் ஆண்டுப் படத்தின் காட்சிகளைத்தான் வந்த பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். பேய் பூதம் வரும் காட்சியில் எந்தப் பிள்ளையும் கண்ணை அகலத் திறந்து பயந்து காட்டிவிடும். நண்பனைக் கிண்டல் செய்யும் காட்சியை நிஜமாகச் செய்யும் பிள்ளை அபூர்வம். தேர்வான பிறகு பாத்திரங்களை அந்தப் பிள்ளைகளுக்கேற்ப மாற்றி எழுதினார்கள் என்பதும் முக்கியம். பெரியவர்களிடம் பாத்திரத்துக்கு வரச்சொல்லலாம். பத்து வயதுப் பிள்ளையிடம் பாத்திரம்தான் போகவேண்டும். இந்தத் தேர்வுக்காக கார்மென் கூபாவுக்கு 2017-இல் எம்மி விருது கிடைத்தது.

தமிழர்களுக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. 2020-இல் தொடங்கிய ‘நெவர் ஹேவ் ஐ எவர்’, கலிஃபோர்னியாவில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. மகள் தேவி பாத்திரத்துக்கு மிண்டி கேலிங் சமூக ஊடகத்தில் பொது அழைப்பு விடுத்தார். சுமார் 15,000 பேர் அனுப்பினார்கள். தேர்வானவர் கனடாவில் பிறந்து வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெண் மைத்ரேயி ராமகிருஷ்ணன். முதல் வீடியோ, அடுத்தடுத்து மேலும் வீடியோக்கள், பிறகு லாஸ் ஏஞ்சலஸில் ஸ்கிரீன் டெஸ்ட் என்று படிப்படியாகப் போனார். அம்மா நளினியாக வரும் பூர்ணா ஜெகநாதனும் அவரும் மோதிக்கொள்ளும் காட்சிகளை மறுபடி பாருங்கள். ஒருவர் வாக்கியம் முடிவதற்குள் மற்றவர் முகம் பதில் சொல்லத் தொடங்கிவிடும். தாயும் மகளும் என்று நம்மை நம்பவைப்பது அதுதான்.

தேர்வு தவறாகிவிட்டால் எப்படித் தெரியும்? சிலநேரம் படமெடுத்த பிறகுதான் தெரியும். இதற்கு ‘தி பிக் பாங் தியரி’யைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடருக்கு முன் ‘பைலட்’ என்று ஒரு மாதிரி எபிசோடை எடுத்துச் சேனலுக்குக் காட்டுவார்கள். 2006-இல் எடுத்த முதல் பைலட்டில் ஜானி கலெக்கியும் ஜிம் பார்சன்ஸும் அதே லெனர்டு, ஷெல்டன். ஆனால் அவர்கள் வாழ்க்கைக்குள் வரும் பெண் பென்னி இல்லை; கேட்டி என்ற, வாழ்க்கையில் அடிபட்டு முரடாகிப்போன ஒருத்தி. அமாண்டா வால்ஷ் என்ற நடிகை நடித்தார். அவர் நடிப்பில் குறை இல்லை. எழுதியபடியே கேட்டி கடுமையானவளாக இருந்தாள்.

அந்த பைலட்டைச் சோதனைப் பார்வையாளர்களுக்குப் போட்டுக் காட்டியபோது எதிர்பாராத ஒன்று நடந்தது. அந்த இரண்டு விஞ்ஞானிகளையும் பார்த்தவர்கள் வெகுளிக் குழந்தைகளாக நினைத்து, அவர்களுக்காகப் பரிந்தார்கள். அவர்களைக் காயப்படுத்தக்கூடிய ஒருத்தி பக்கத்தில் இருப்பது யாருக்கும் பிடிக்கவில்லை. இதைத் தொடரை உருவாக்கிய சக் லோரி பின்னால் விளக்கியிருக்கிறார். சேனல் தொடரை நிராகரித்துவிடவில்லை. மறுபடி செய்து வாருங்கள் என்றது. இப்போது எழுத்தாளர்கள் கையில் நிலையான புள்ளி கிடைத்துவிட்டது: இந்த இரண்டு ஆண்கள் இருக்கட்டும், எதிரில் இருப்பவரை மாற்றுவோம். கடுமைக்குப் பதில் கனிவுள்ள பென்னியை எழுதினார்கள். அந்தப் பாத்திரத்துக்கு வந்தவர் கேலி குவோகோ. முதல் பைலட்டுக்கே வந்து, வயது குறைவு என்று திருப்பி அனுப்பப்பட்டவர் அவர். 2007 செப்டம்பரில் தொடங்கிய தொடர் பன்னிரண்டு சீசன், 279 எபிசோடுகள் ஓடியது.

இந்தக் கதையில் யாரும் மோசமாக நடிக்கவில்லை என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சேர்க்கைதான் பிசகியது. தனித்தனியாக வைத்துப் பார்க்கும் எந்த ஆடிஷனிலும் அந்தப் பிசகு தெரிந்திருக்காது. மூவரையும் ஒரே அறையில் நிறுத்திப் பார்த்திருந்தாலும் முழுதாகத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகமே, ஏனென்றால் அறையில் இருப்பவர்கள் தொழில்காரர்கள். யார்மேல் பரிவு பிறக்கும் என்பதை வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து பார்ப்பவர்தான் சொல்லமுடியும். கெமிஸ்ட்ரி ரீடின் எல்லை அங்கே முடிகிறது. இரண்டு பேர் ஒருவரையொருவர் கேட்கிறார்களா என்பதை அது சொல்லும். கதை அவர்களைச் சரியான இடத்தில் வைத்திருக்கிறதா என்பதை அது சொல்லாது.

தொலைக்காட்சியில் இந்தச் சோதனைக்கு இன்னொரு கனமும் உண்டு. அமெரிக்கச் சேனல்களில் கடைசிச் சுற்றுக்குப் போகும் நடிகர், உள்ளே போவதற்கு முன்பே சம்பளம் உட்பட எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டுவிடுவது வழக்கம். தேர்வானால் பல சீசன்களுக்கு, ஆறேழு வருடம் வரைகூட, அந்தத் தொடருக்குக் கட்டுப்பட்டவர். அவருக்கு எதிரில் யார் வரப்போகிறார் என்பது அப்போது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அந்த அறையின் இருபது நிமிடத்தில் தவறு செய்தால் இரண்டு பேர் பல வருடம் அதைச் சுமக்கவேண்டியிருக்கும்.

கொரோனா காலத்தில் இந்த அறையே இல்லாமல் போனது. வீடியோ அழைப்பில் நடிகர்களைச் சேர்த்துப் பார்க்கத் தொடங்கினார்கள். செலவு குறைவு என்பதால் முதற்கட்டத்தில் அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. அதில் இழப்பு அதிகம். குரல் ஒரு கணம் தாமதமாக வந்து சேரும் என்பதால் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடும் காட்சிகள் கெட்டுப்போகும். குடும்பக் காட்சிகளுக்கு உயிர் கொடுப்பதோ அந்தக் குறுக்கீடுதான். கண்ணைப் பார்த்துப் பேசவும் முடியாது, எதிராளியின் முகம் திரையில் ஓரிடத்திலும் காமிரா வேறோரிடத்திலும் இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் எதிராளியின் படத்தைக் காமிராவுக்கு நேர் கீழே நகர்த்திவைக்கச் சொல்வார்கள்; மௌனம் அதிகமுள்ள காட்சியைத் தேர்ந்தெடுப்பார்கள். அப்படியும் இணையத்தில் சுமாராகத் தெரிந்த ஒரு ஜோடியை நேரில் ஒருமுறை பார்க்காமல் தள்ளுவது நியாயம் இல்லை என்றே நினைக்கிறேன்.

கடைசியாக, முதலில் சொன்ன ‘ட்வைலைட்’ சோதனையில் உறுத்தும் ஒரு விஷயத்தைப் பேசியாகவேண்டும். கிறிஸ்டனுக்கு அன்றைக்கு 17 வயது. அமெரிக்கச் சட்டப்படி மைனர். அதைச் சொல்லித் தானே பாட்டின்சனை எச்சரித்ததாக ஹார்ட்விக் கூறியிருக்கிறார். அவர் பொறுப்போடு நடந்துகொண்டார், தவறாக எதுவும் நடக்கவில்லை. ஆனால் ஒரு தனி வீடு, ஒரு படுக்கையறை, ஒரு முத்தக் காட்சி என்ற அதே ஏற்பாடு கெட்ட எண்ணம் கொண்டவர் கையில் என்ன ஆகும் என்பதை உலகம் சில ஆண்டுகளில் தெரிந்துகொண்டது. ஹார்வி வைன்ஸ்டீன் விவகாரம் 2017-இல் வெடித்தது. ஓட்டல் அறைகளில் நடந்த ‘சந்திப்புகள்’ ஒவ்வொன்றாக வெளியே வந்தன. 2018 ஏப்ரலில் அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா வெளியிட்ட முதல் வழிகாட்டுதலே இதுதான்: ஓட்டல் அறைகளிலும் தனி வீடுகளிலும் ஆடிஷனும் தொழில் சந்திப்பும் நடத்தக் கூடாது, வேறு வழியே இல்லையென்றால் நடிகர் தனக்குத் துணையாக ஒருவரை அழைத்துச் செல்லலாம்.

இருவருக்கு இடையே உள்ள ஈர்ப்பைக் காணத் தொடுகை தேவை இல்லை என்பதை இந்தத் தொழிலே இப்போது ஏற்றுக்கொண்டு வருகிறது. பாத்திரம் கழுவும் காட்சியில் தெரியாத பொருத்தம் முத்தத்தில் முளைத்துவிடாது.

நம் ஊரிலும் ஆடிஷனுக்குப் போகும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். அவர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ‘ஜோடிப் பொருத்தம் பார்க்கவேண்டும்’ என்று அழைத்தால் எந்தக் காட்சி, எதிரில் யார், அறையில் வேறு யார் யார் இருப்பார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். வசனப் பக்கங்களை முந்தைய நாளே அனுப்பச் சொல்லுங்கள். அணைப்பும் முத்தமும் சோதனைக்குக் கட்டாயம் என்றால் மறுத்துவிடுங்கள். இடம் அலுவலகமோ ஒத்திகைக் கூடமோ இல்லாமல் யாருடைய வீடாகவோ ஓட்டல் அறையாகவோ இருந்தால், அழைப்பவர் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் தனியாகப் போகாதீர்கள்.